கடைக்காரரின் ஒரு நிமிடம்

ஒரு சிற்றூர் பேக்கரி. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் 31,000 ரூபாய், திங்கட்கிழமை 18,400. செவ்வாய் காலை முதலாளி போனைத் திறந்தால், டாஷ்போர்டில் சிவப்பு எழுத்தில் '41 சதவீதம் சரிவு' என்று நிற்கிறது. பதறிப்போய் மாஸ்டரைக் கூப்பிட்டு இன்றைக்கு பன் குறைவாகப் போடச் சொல்கிறார்.

சரிவே இல்லை. முந்தைய நான்கு திங்கட்கிழமைகளின் விற்பனை 17,200, 17,600, 17,900, 18,900. அவற்றோடு பார்த்தால் 18,400 வழக்கமான திங்கள்தான். கிழமைக்குக் கிழமை மாறும் வியாபாரத்தை முந்தைய நாளோடு ஒப்பிட்டதுதான் தப்பு. அதே கிழமையோடு ஒப்பிடும்போதும் சராசரியை அப்படியே நம்பக்கூடாது. அந்த நான்கில் 18,900-க்குப் பதிலாக தீபாவளிக்கு முந்தைய திங்கள் ஒன்று 42,000 ரூபாயோடு வந்தால், சராசரி 23,675-க்கு ஏறிவிடும். சாதாரண நாளெல்லாம் நஷ்ட நாளாகத் தெரியும். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்கும் இரண்டு எண்களின் சராசரியை எடுத்தால் 17,750 கிடைக்கும். பண்டிகை அதை அசைக்காது.

ஆனால் பக்கத்தின் உச்சியில் விற்பனையை வைக்கலாமா? பெரும்பாலானவர்கள் அங்கேதான் வைக்கிறார்கள். இந்த பேக்கரி சுற்றுவட்டார டீக்கடைகளுக்குக் கடனுக்குச் சரக்கு கொடுக்கிறது. பில் போட்டதுமே அது விற்பனையில் ஏறிவிடும், பணம் எப்போது வருமோ! கல்லாவிலும் வங்கியிலும் சேர்த்து 86,000 இருக்கிறது. ஏழு நாளுக்குள் மைதா மண்டிக்கும் கேஸுக்கும் சம்பளத்துக்கும் போகவேண்டியது 1,04,000. துண்டு விழுவது 18,000. உச்சியில் பெரிய எழுத்தில் இருக்கவேண்டியது இதுதான். அதற்குக் கீழே, முப்பது நாளைத் தாண்டிய பாக்கிகளில் பெரிய மூன்று, கடைப்பெயரோடும் தொகையோடும். மொத்தப் பாக்கி இவ்வளவு என்று மட்டும் போட்டால் யாரைக் கேட்பது என்று தெரியாது. மூன்றாவதாக விற்பனை, கடைசியாக நேற்று விற்காமல் மிஞ்சிய சரக்கு. அவ்வளவு போதும்.

கார் மீட்டர் மாதிரி முள் ஆடும் வட்டங்கள் வேண்டாம். டாஷ்போர்டு வடிவமைப்பு பற்றி 2006-ல் நூல் எழுதிய ஸ்டீபன் ஃபியூ, அவை இடத்தை அடைத்துக்கொண்டு கொஞ்சமே சொல்கின்றன என்று கருதி, இலக்கையும் காட்டும் ஒரு மெல்லிய பட்டையை அவற்றுக்குப் பதிலாக உருவாக்கினார். கோணத்தைவிட நீளத்தைக் கண் சரியாக அளக்கிறது.

பக்கம் சரியா என்று பார்க்க, முதலாளியிடம் ஒரு நிமிடம் காட்டிவிட்டு மூடி, "இன்னைக்கு என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டாலே போதும். "வியாபாரம் பரவாயில்லை" என்றால் பக்கத்தை மாற்றவேண்டும். எந்த டீக்கடைக்குப் போன் போடுவது என்று சொன்னால் சரி.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: கணக்கு எந்த நேரம் வரைக்குமானது என்று மூலையில் எழுதியிருக்கவேண்டும். மாலை பில்கள் ஏறாத நாளில் விற்பனை பாதியாகத் தெரியும். அப்போது அந்த எண்ணைக் காட்டாமல், 'மாலைக் கணக்கு வரவில்லை' என்று போடுவதே நல்லது.