ரசமட்டத்துக்கும் மட்டம் பார்க்க வேண்டும்

சுவர்ப் பூச்சு முடிந்து, தரையில் டைல்ஸ் ஒட்டப் போகும் நேரம் ஒரு வீட்டில் மட்டம் பார்க்க முக்கியமான நேரம். அதுவரை போட்ட கான்கிரீட் தரை எந்த அறையிலும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு மூலை ஏறியிருக்கும், இன்னொன்று இறங்கியிருக்கும். டைல்ஸ் போடுகிறவர் அதையெல்லாம் கலவையில் சரி பண்ணிவிடுவார் என்று வீட்டுக்காரர் நினைப்பார். அவரும் பண்ணுவார்தான். ஆனால் வாசலில் ஆரம்பித்து, போட்ட கல்லைப் பார்த்துப் பார்த்து அடுத்த கல்லை வைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு அறையும் தனித்தனியாகச் சரியாக இருக்கும். பின்னால் உள்ள படுக்கையறை வாசலில் மட்டும் இரண்டு தரையும் ஒட்டாமல் விளிம்பு காலில் இடறும்.

இதைத் தடுக்கும் வழி பழையது. தரையைப் பார்ப்பதற்கு முன், வீடு முழுக்கச் சுவரில் ஒரே உயரத்தில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். முடிந்த தரை எந்த உயரத்தில் வர வேண்டுமோ, அதிலிருந்து சரியாக 1 மீட்டர் மேலே அந்தக் கோடு இருக்கட்டும். தலைவாசல் நிலைதான் ஆரம்பம், ஏனென்றால் கதவு எந்த உயரத்தில் நிற்கிறது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நிலைக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் முதல் புள்ளி. பிறகு அந்த உயரத்தை ஹாலிலிருந்து படுக்கையறைக்கும், சமையலறைக்கும், குளியலறைக்கும் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகும் வழியில்தான் தவறு நுழைகிறது.

அறை விட்டு அறை போவதற்கு இன்றைக்கும் என் ஓட்டு தண்ணீர் டியூபுக்கே. கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப், 10 அல்லது 15 மீட்டர் நீளம். சுவர் திரும்பினாலும், கதவுக்குள் நுழைந்தாலும், நடுவில் செங்கல் குவியல் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையை முதல் புள்ளியிடம் ஒருவர் பிடிக்கிறார், மறுமுனையை அடுத்த அறையில் இன்னொருவர். முதல் ஆள் தன் முனையை ஏற்றி இறக்கி, தண்ணீரைப் புள்ளிக்கு நேராகக் கொண்டுவந்து, “நின்னுடுச்சுண்ணே, கோடு போடுங்க” என்று குரல் கொடுத்ததும் இவர் அங்கே கோடு போடுகிறார். முனையை 2 சென்டிமீட்டர் ஏற்றினால் தண்ணீர் 1 சென்டிமீட்டர்தான் ஏறும் என்பது தெரிந்தால் இந்த ஏற்ற இறக்கம் சீக்கிரம் முடியும். தண்ணீர் சிறிது நேரம் ஆடும். ஆட்டம் அடங்கும் வரை பொறுக்காமல் கோடு போடுவதும், கட்டைவிரலால் அடைத்த முனையைத் திறக்க மறப்பதும் அடிக்கடி நடக்கும் பிழைகள்.

ஆனால் டியூபின் உண்மையான எதிரி காற்றுக்குமிழி. தரையில் படுத்துக் கிடக்கும் பகுதியில் குமிழி இருந்தால் பெரிதாகக் கெடுதல் இல்லை. சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் பகுதியில், டியூபை அடைத்துக்கொண்டு 10 மி.மீ. குமிழி ஒன்று உட்கார்ந்துவிட்டால், அந்தப் பக்கத் தண்ணீர் ஏறக்குறைய 10 மி.மீ. உயர்ந்து காட்டும். அதற்குக் காரணம், தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் எடையில்லாத காற்று இருப்பதுதான். அதனால் டியூபைக் குழாயடியில் வைத்து வேகமாக நிரப்பக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரை உயரத்தில் வைத்து, ஒரு முனையை அதில் முக்கி, மறுமுனையில் வாயால் இழுத்துவிட்டு, தண்ணீர் நிதானமாக ஓடி குமிழியெல்லாம் வெளியேறும் வரை விட வேண்டும். வாளியில் இரண்டு துளி சொட்டு நீலம் விட்டால் தண்ணீர்க் கோடு தெளிவாகத் தெரியும்.

வெயிலைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. ஒரு முனை நிழலான அறைக்குள்ளும் மறுமுனை வெளித் திண்ணையில் மதிய வெயிலிலும் இருந்தால், சூடான பக்கத்துத் தண்ணீர் விரிந்து இலேசாகிவிடும். 25 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் தண்ணீரின் அடர்த்தி ஏறக்குறைய 0.7 சதவீதம் மாறுகிறது. 1 மீட்டர் உயரமாக நிற்கும் தண்ணீரில் அது 7 மி.மீ. வித்தியாசம்; கொத்தனார் கணக்கில் இரண்டு நூலுக்கு மேல். டியூபில் குமிழி இல்லை, ஆளும் சரியாகத்தான் பிடித்தார், ஆனாலும் கோடு தப்பு. மொட்டை மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை தொங்கவிட்ட டியூபில் இது இன்னும் பெருகும். காலையிலேயே மட்டம் பார்த்துவிடுவது நல்லது. நேரமாகிவிட்டால் டியூபிலிருந்து தண்ணீரை ஓடவிட்டுப் புதிதாக நிரப்பலாம்.

டியூப் சரியாக இருக்கிறதா என்று அதையே கேட்டுவிடலாம். வேலை தொடங்கும் முன் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே குமிழி இருக்கிறது. நான்கு அறைக்கும் கோடு போன பிறகு, கடைசிக் கோட்டிலிருந்து திரும்ப முதல் புள்ளிக்கே டியூபைக் கொண்டுவந்து பார்ப்பதும் அவசியம். 2, 3 மி.மீ. தள்ளி வந்தால் போகட்டும். 10 மி.மீ. என்றால் நடுவில் ஏதோ ஒரு கோடு பொய்.

ரசமட்டத்தின் வேலை வேறு. ஒரே இடத்தில் ஒரு பொருள் மட்டமாக இருக்கிறதா என்று அது சொல்லும். தூரத்துக்கு உயரம் கொண்டுபோக அது பொருந்தாது. அதன் குழல் நேராக இருக்காது, நடுவில் மிக இலேசாக மேலே வளைந்திருக்கும். அந்த வளைவின் உச்சியைத் தேடித்தான் குமிழி போகிறது. குழல் சட்டத்துக்குள் சிறிது சாய்ந்து உட்கார்ந்துவிட்டால், அல்லது சாரத்திலிருந்து கீழே விழுந்து நகர்ந்துவிட்டால், குமிழி தினமும் ஒரே பொய்யைச் சொல்லும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ஒரு மட்டப்பலகையில் ரசமட்டத்தை வைத்து, அது இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, குமிழி எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு முனை மாற்றித் திருப்பி அதே குறியில் வைக்க வேண்டும். குமிழி முன்பு போன அதே சுவர்ப் பக்கம் அதே அளவு போனால் பலகைதான் சாய்ந்திருக்கிறது, கருவி சுத்தம். இப்போது வேறு சுவர்ப் பக்கம் போனால் கருவியில்தான் கோளாறு. இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அதன் பிழை.

பிழை சிறியதுதானே என்று விடக் கூடாது. 60 சென்டிமீட்டர் ரசமட்டம் ஒன்று தன் நீளத்துக்கு 1 மி.மீ. பொய் சொல்கிறது என்று வையுங்கள். அதை நகர்த்தி நகர்த்தி 6 மீட்டர் தூரம் போனால் 10 மி.மீ. ஏறிவிடும். வேறு கருவி கையில் இல்லாதபோது ஒரு உபாயம் உண்டு: ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் முனையை மாற்றி வைத்தால், ஏறிய பிழை அடுத்த முறை இறங்கிவிடும்.

லேசர் லெவல் வந்த பிறகு ஒரு அறைக்குள் கோடு போடுவது இரண்டு நிமிட வேலையாகிவிட்டது. ஒரே ஆள் போதும். உள்ளே ஊசல் போல ஆடும் ஒரு பாகம் தானாகவே மட்டத்துக்கு வந்து நிற்கிறது. கருவியை 3, 4 டிகிரிக்கு மேல் சாய்த்து வைத்தால் கோடு மினுமினுத்து எச்சரிக்கும். ஆனால் ஊசலைப் பூட்டும் சுவிட்சைப் போட்டபடியே ஓட்டினால், பல கருவிகளில் கோடு சாய்வாகவே அமைதியாக நிற்கும். வெளிச்சக் கோடு அழகாக, நேராக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதன் ஆபத்து. டியூபை எல்லாரும் கொஞ்சம் சந்தேகிக்கிறார்கள்; லேசரை யாரும் சந்தேகிப்பதில்லை.

அதையும் திருப்பி வைத்துத்தான் சோதிக்க வேண்டும். 5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக இரண்டு சுவர் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். முதல் சுவரை ஒட்டிக் கருவியை வைத்து, பக்கத்துச் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் கோடு விழும் இடத்தைக் குறிக்கிறோம். பிறகு கருவியை எதிர்ச்சுவர் அருகே கொண்டுபோய், அங்கே குறித்த புள்ளியிலேயே கோடு விழுமாறு உயரத்தைச் சரிசெய்து, கருவியின் அதே முகத்தை முதல் சுவர் பக்கம் திருப்புகிறோம். அங்கே கோடு பழைய புள்ளியில் விழ வேண்டும். 8 மி.மீ. தள்ளி விழுந்தால் கருவியின் பிழை 5 மீட்டருக்கு 4 மி.மீ.; ஏனென்றால் பிழை போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் சேர்கிறது. சாதாரண கருவிகளுக்குத் தயாரிப்பாளர்கள் மீட்டருக்கு 0.3 மி.மீ. வரை பிழை சொல்வதுண்டு. அப்படியானால் இந்தச் சோதனையில் 3 மி.மீ. வரை மன்னிக்கலாம், 8 கூடாது. கருவி ஒரு முறை கீழே விழுந்தாலே இதைச் செய்துவிட வேண்டும். தூரத்தில் கோடு 2, 3 மி.மீ. தடிமனாகிவிடும் என்பதால் எப்போதும் அதன் நடுவில் குறிக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். டியூப் வைத்து அறைக்கு ஒரு புள்ளி, அதைப் பிடித்து லேசரில் நான்கு சுவரிலும் கோடு. இப்போது கோட்டிலிருந்து கான்கிரீட் தரை வரை டேப்பில் அளந்து, அந்தந்த இடத்திலேயே சுவரில் எழுதுகிறோம். ஹாலில் 1052 முதல் 1060 மி.மீ. வரை வருகிறது. படுக்கையறையின் ஒரு மூலையில் 1088. சமையலறையில் ஓரிடத்தில் 1028தான். முடிந்த தரை 1000இல் வர வேண்டும். டைல் 10 மி.மீ. கனம் என்றால், ஹாலில் கலவைக்கு 42 முதல் 50 வரை கிடைக்கிறது, பிரச்சினையில்லை. படுக்கையறை மூலையில் 78. அவ்வளவு கனத்தையும் கலவையிலேயே நிரப்பினால் அது காய்ந்து சுருங்கி, தட்டினால் டைல் ‘டொக் டொக்’ என்று வெறுமையாகச் சத்தம் போடும். முன்கூட்டியே சின்ன ஜல்லி கான்கிரீட் போட்டு உயர்த்திவிட வேண்டும். சமையலறையில் 18தான் மிச்சம்; டைலைத் தட்டி உட்கார வைக்க இடம் போதாது. அங்கே மேட்டைக் கொத்தி எடுக்கலாம், அல்லது கதவுக்கு இடமிருந்தால் வீடு முழுக்கத் தரையை 5 மி.மீ. உயர்த்தலாம். எதைச் செய்வதானாலும் முதல் கல் வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

சமையலறைப் பக்கத்து டியூபில் அந்த 10 மி.மீ. குமிழி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோடு 10 மி.மீ. மேலே விழுந்திருக்கும். டேப் 1028க்குப் பதில் 1038 காட்டியிருக்கும். “தாராளமா இடம் இருக்கு சார்” என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். சமையலறைத் தரை ஹாலைவிட 10 மி.மீ. உயர்ந்து முடிந்திருக்கும். இப்படிப்பட்ட பிழை டேப்பில் அகப்படாது, டியூபை முதல் புள்ளிக்குத் திரும்பக் கொண்டுவந்தால்தான் அகப்படும்.

குளியலறையில் மட்டம் வேண்டாம், வாட்டம் வேண்டும். மீட்டருக்கு 15 மி.மீ. வாட்டம் என்று முடிவு செய்தால், கதவிலிருந்து 2 மீட்டர் தள்ளியுள்ள தண்ணீர் போகும் வாயில் 30 மி.மீ. இறங்க வேண்டும். கோட்டிலிருந்து அளந்து இரண்டு முனையிலும் பொட்டு வைத்துவிடலாம். நடுவில் ஒவ்வொரு கல்லுக்கும் பார்க்க 60 சென்டிமீட்டர் ரசமட்டமே போதும்: தாழ்ந்த முனைக்கு அடியில் 9 மி.மீ. கனமுள்ள டைல் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால், குமிழி நடுவில் நிற்கும் இடமெல்லாம் வாட்டம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதே ரசமட்டத்தை அடுத்த அறைக்கு எடுத்துப் போகும் முன் துண்டை அவிழ்க்க மறந்துவிடக் கூடாது.