சுடாத நேரத்தில்தான் ஆபத்து

புதிதாகத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம் ஒன்று திறக்கப்படும் நாளில் ரிப்பன் வெட்டி, இனிப்பு கொடுத்து முடித்ததும் எல்லோருடைய கண்ணும் மேசையில் வரிசையாக இருக்கும் துப்பாக்கிகள் மேல்தான் போகும். சேர வந்த பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். நல்ல பயிற்சியாளர் அந்த நேரம் பார்த்து எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பேச்சு முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது.

நம் ஊர்களில் புதிதாகத் திறக்கப்படும் கூடங்களில் பல 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் கூடங்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கிகள் இவை. குழல் 0.177 அங்குலத்தையும், விசை 20 ஜூலையும் தாண்டாத ஏர் துப்பாக்கிக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. அதனாலேயே பலர் இதைப் பொம்மை என்று நினைத்துவிடுகிறார்கள். பயிற்சியாளரின் பேச்சு அங்கேதான் தொடங்கும்.

“இதுக்குள்ள போற ஈயக் குண்டு அரை கிராம்தான் இருக்கும். ஆனா குழலை விட்டு வெளிய வர்றப்ப மணிக்கு அறுநூறு கிலோமீட்டர் வேகம். கண்ணுல பட்டா கண்ணு போயிடும். அதனால இன்னைக்கு நான் சொல்லப்போறது குறி பார்க்கிறதைப் பத்தி இல்ல. சுடாம இருக்கிறப்ப எப்படி இருக்கணும்கிறதைப் பத்தி.”

சுடுகிற நொடியில் குழல் இலக்கைப் பார்த்து நிற்கிறது. சுடுபவரின் கவனம் முழுதும் அதில் இருக்கிறது. குண்டு போய் விழ எதிரே இரும்புப் பெட்டி இருக்கிறது. அப்போது விபத்து நடக்க வாய்ப்பு குறைவு. துப்பாக்கியை எடுக்கும்போது, வைக்கும்போது, பக்கத்து ஆளிடம் பேசத் திரும்பும்போது, ‘உள்ளே குண்டு இல்லை’ என்று நம்பும்போதுதான் ஆபத்து வருகிறது. பத்து நிமிடப் பேச்சின் சாரம் இதுவே.

முதல் விதி குழலைப் பற்றியது. துப்பாக்கி காலியோ நிரம்பியோ, குழல் எப்போதும் இலக்கு இருக்கும் பக்கமே பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும்கூட அப்படித்தான். இரண்டாவது விதி விரலைப் பற்றியது. குறி வைத்து, சுடுவதென்று முடிவெடுக்கும்வரை ஆள்காட்டி விரல் ட்ரிகரைத் தொடக் கூடாது. போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையையாவது தாங்க வேண்டும். ஏர் ரைஃபிளுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. லேசாக விரல் பட்டாலே விடுபடும்படி அதை வைத்திருப்பார்கள். பழகாத விரல் அங்கே சும்மா போய் உட்கார்ந்தால்கூட சுட்டுவிடும்.

மூன்றாவது விதி கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள். சுடாத நேரத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் குழலுக்குள்ளும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு நைலான் இழை செருகப்பட்டிருக்க வேண்டும். இதைப் பாதுகாப்புக் கொடி என்கிறார்கள். ஏர் துப்பாக்கியில் இது குழலின் முழு நீளத்துக்கும் போயிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. புல் வெட்டும் எந்திரத்தின் நைலான் கயிற்றையே வெட்டிப் பயன்படுத்துபவர்களும் உண்டு. குழலின் இரு முனையிலும் அந்த நிறம் தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். ‘காலிதான் சார்’ என்ற வாய்வார்த்தைக்கு இங்கே மதிப்பில்லை.

அடுத்து, கட்டளைகள். எந்த ஊர் கூடமானாலும் இவை ஆங்கிலச் சொற்களாகவே ஒலிக்கும். ‘லோட்’ என்றால்தான் கொடியை எடுத்துக் குண்டு போடலாம். ‘ஸ்டார்ட்’ என்றால் சுடலாம். ‘ஸ்டாப்’ என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். குறி எவ்வளவு அழகாகக் கூடியிருந்தாலும் சரி. ‘அன்லோட்’ என்றால் குண்டை எடுத்துக் கொடியைச் செருக வேண்டும். ஸ்டாப் சொன்னபோது குழலுக்குள் குண்டு மாட்டியிருந்தால் தானாகச் சுட்டுத் தீர்க்கக் கூடாது. கையை உயர்த்தினால் ரேஞ்ச் ஆபீசர் வந்து, எப்போது எப்படிச் சுட்டு வெளியேற்றுவது என்று சொல்வார். இலக்கு அருகே யாராவது போக வேண்டியிருந்தால், எல்லாத் துப்பாக்கியிலும் கொடி தெரிந்து, எல்லோரும் கையை எடுத்த பிறகே அவர் அனுமதிப்பார்.

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிய பிள்ளைகளிடம் பயிற்சியாளர் ஒரு கேள்வி கேட்பார். “மூணாம் லேன்ல நிக்கிற தம்பி ட்ரிகரை இழுக்கிறான். சத்தமே வரலை. அவன் என்ன செய்வான்?”

பெரும்பாலும் சரியான பதில் வராது. பழகாதவர் அந்த நேரத்தில் செய்வது, துப்பாக்கியோடு அப்படியே உடம்பைத் திருப்பி, “சார், சுடலை” என்று சொல்வதுதான். ஒரு லேனின் அகலம் ஒரு மீட்டர் அளவில் இருக்கும். அவன் திரும்பும்போது குழல் நான்காம் லேனில் நிற்பவரின் இடுப்பைத் தொடும் தூரத்தில் கடக்கும். இன்னும் சிலர் என்ன ஆயிற்று என்று குழலின் வாய்க்குள் எட்டிப்பார்ப்பார்கள். சுடவில்லை என்பதற்கு உள்ளே குண்டு இல்லை என்று பொருளல்ல. லோடிங் லீவர் முழுதாக மூடாமல் இருக்கலாம். சிலிண்டரில் காற்று தீர்ந்திருக்கலாம். காற்று போதாமல் குண்டு குழலின் நடுவே நின்றிருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. குழல் இலக்கையே பார்த்திருக்க, விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துத் துப்பாக்கியை மேசை மேல் இறக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பயிற்சியாளர் வந்து லீவரைத் திறந்து பார்ப்பார். அங்கே குண்டு தெரியாவிட்டால் அந்த ஆரஞ்சு இழையை உள்ளே விடுவார். மறுமுனையில் வெளியே வந்தால் குழல் காலி. பாதியில் முட்டி நின்றால் குண்டு சிக்கியிருக்கிறது. அதைக் கம்பியால் தள்ளி எடுப்பது அவர் வேலை. இன்னொரு குண்டைப் போட்டு முன்னதைத் தள்ளிவிடலாம் என்று யாரும் முயலக் கூடாது.

இந்த முறை ஏர் துப்பாக்கிக்கு உரியது. மருந்துள்ள .22 தோட்டாவானால் சுடவில்லை என்றதும் உடனே திறக்கக் கூடாது. மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளலாம். குழலை இலக்கின் பக்கம் வைத்தபடி குறைந்தது முப்பது வினாடியாவது காத்திருந்துதான் திறக்க வேண்டும்.

கடைசியில் இரண்டு சின்ன விஷயங்கள் வரும். துப்பாக்கியின் சிலிண்டரில் காற்று 200 பார் வரை அழுத்தப்பட்டிருக்கும். கார் டயரின் அழுத்தம் இரண்டரை பார்கூட இருக்காது. ஆகவே நிரப்புவதும், சிலிண்டரில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியைப் பார்ப்பதும் பழகியவர்களின் பொறுப்பு. இன்னொன்று ஈயம். குண்டை எடுத்த விரல்களில் அது ஒட்டியிருக்கும். சுடும் இடத்தில் டீயும் பிஸ்கட்டும் கூடாது, குண்டை வாயில் வைக்கவே கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். பிள்ளைகளின் உடம்பு ஈயத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

உங்கள் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோராக இருந்தால் மேசையில் இருக்கும் துப்பாக்கிகளை முதலில் பாருங்கள். எல்லாவற்றிலும் அந்த ஆரஞ்சு இழை தெரிகிறதா? கட்டளை கொடுக்க ஒருவர் தனியாக நிற்கிறாரா? சுடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே பழகும் ஒரு சிறுவனிடம் கேளுங்கள். ‘கையைத் தூக்கிட்டு அப்படியே நிப்பேன்’ என்று அவன் சொன்னால் பணத்தைக் கட்டுங்கள். பேச்சு எதுவும் இல்லாமல் முதல் நாளே பிள்ளையின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் இடமானால் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.