டீச்சிங் ஸ்டேட்மென்ட்டும் மூணு டார்ச் பல்பும்

விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்பது: "உங்க டீச்சிங் ஸ்டேட்மென்ட்டை அனுப்புங்களேன், ஒரு மாதிரி பார்த்துக்கிறேன்." அனுப்பத் தயக்கம் இல்லை. ஆனால் அதைப் பார்த்து எழுதினால் அவர்களுக்குப் பயன்படாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது சி.வி., ஆராய்ச்சித் திட்டம் ஆகியவற்றோடு ஒன்றிரண்டு பக்கத்தில் 'நான் எப்படிக் கற்பிக்கிறேன், ஏன் அப்படி' என்றும் எழுதித் தரவேண்டும். இங்கேயும் ஐஐடி, ஐசர் மாதிரி இடங்களில் கற்பித்தல் பற்றி எழுதிக் கேட்கிறார்கள். பெயரில் 'தத்துவம்' என்று இருப்பதுதான் வினையே. தத்துவம்னு சொன்னதும் நாம மேடை ஏறிடறோம்.

என் முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: "மாணவரை மையமாகக் கொண்ட, செயல்வழிக் கற்றலில் நம்பிக்கை கொண்டவன் நான். ஒவ்வொரு மாணவருக்குள்ளும் உள்ள ஆர்வத்தைத் தூண்டுவதே ஆசிரியரின் கடமை." எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்த சீனியர் ஒருவர் சொன்னார்: "இதுல உன் பேரை எடுத்துட்டு ஒரு கெமிஸ்ட்ரி ஆள் பேரைப் போடு. ஒரு வரியாவது மாத்த வேண்டியிருக்கா?" இல்லை. தமிழ் இலக்கியம் நடத்துபவர் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். அப்படிப்பட்ட வாக்கியத்தைப் படிக்கிறவருக்கு என்னைப் பற்றி எதுவுமே தெரியப்போவதில்லை.

"வகுப்புல உனக்கு அவமானமா இருந்த ஒரு நாளைச் சொல்லு" என்றார் அடுத்து. யோசிக்காமலேயே ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

அப்போது ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. முதலாண்டுக்கு மின்சுற்று நடத்திக்கொண்டிருந்தேன். கணக்குகளை எல்லோரும் நன்றாகப் போட்டார்கள். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, கிர்க்காஃப் விதி எல்லாம் சரளம். சரி, சும்மா பார்ப்போமே என்று ஒரு படம் வரைந்தேன். ஒரே மாதிரியான மூணு 6 வோல்ட் டார்ச் பல்பு. A தொடரில். அதற்கடுத்து B, C இரண்டும் பக்க இணைப்பில். 6 வோல்ட் சப்ளை. கேள்வி: B-யைக் கழற்றிவிட்டால் A-யின் வெளிச்சம் என்ன ஆகும்?

கை தூக்கச் சொன்னேன். 42 பேரில் 27 பேர் "மாறாது". காரணம் கேட்டால், "A-தானே சார் முதல்ல இருக்கு, அதுக்கு வேண்டிய கரன்ட் போயிட்டுதானே மிச்சம் பின்னாடி போகும்." வாய்க்கால் தண்ணீர் மாதிரி, மேல்மடைக்காரன் எடுத்தது போக மீதி கீழ்மடைக்கு என்று மனசுக்குள் ஒரு படம். கணக்குப் போடும்போது அந்தப் படம் தேவைப்படாததால் அது யார் கண்ணிலும் படாமலே இருந்திருக்கிறது.

(இது நம்ம ஊர்ப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் இதையேதான் பார்த்தார்: கிர்க்காஃப் கணக்கைச் சரியாகப் போட்ட மாணவர்கள், பல்பு மங்குமா பிரகாசமாகுமா என்ற எளிய கேள்வியில் தடுக்கி விழுந்தார்கள். அவருடைய 'பியர் இன்ஸ்ட்ரக்ஷன்' முறை இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து வந்ததுதான்.)

உடனே போர்டில் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பல்பின் தடையும் R என்றால், பக்க இணைப்பில் உள்ள இரண்டும் சேர்ந்து R/2. மொத்தம் 1.5R. ஆக A-க்கு 4 வோல்ட், B-க்கும் C-க்கும் 2 வோல்ட். B-யை எடுத்துவிட்டால் A-யும் C-யும் மட்டும் தொடரில் நிற்கும், ஆளுக்கு 3 வோல்ட். எனவே A மங்கும், C பிரகாசமாகும். "லேப்ல போய்ச் சரிபார்த்துக்கோங்க" என்று அனுப்பினேன்.

லேபில் B-யும் C-யும் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. லைட்டை அணைத்து, ஜன்னலைச் சாத்தினால் இழை லேசாகச் சிவந்திருப்பது தெரிந்தது. B-யைக் கழற்றியதும் C பளிச்சென்று எழுந்தது, A மங்கியது. எல்லோரும் ஆரவாரம். நானும் திருப்தியாக நின்றேன். அப்போதுதான் கடைசி மேசையிலிருந்து ஒரு மாணவி கூப்பிட்டாள்.

"சார், கழற்றுறதுக்கு முன்னாடி A-ல 4.7 காட்டுது. 4 இல்ல. B-ல 1.3 தான்."

"மீட்டர் அப்படித்தாம்மா இருக்கும். ரொம்பப் பழசு."

"ரெண்டையும் கூட்டினா சரியா 6 வருதே சார். மீட்டர் தப்புன்னா அது எப்படி?"

பதில் இல்லை என்னிடம். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த "அப்புறம்" வரவேயில்லை. அடுத்த வாரம் காந்தவியல் ஆரம்பித்துவிட்டது.

மீட்டரில் தப்பு இல்லை, என் R-இல்தான் தப்பு. டங்ஸ்டன் இழை சூடேற ஏற அதன் தடை ஏறும். நன்றாக எரிகிற இழைக்கும் குளிர்ந்த இழைக்கும் தடையில் பல மடங்கு வித்தியாசம். A-யில் முழுக் கரன்ட்டும் போகிறது, சூடு அதிகம், தடையும் அதிகம். B, C-யில் பாதிப் பாதி, அதனால் சூடும் குறைவு, தடையும் குறைவு. 'ஒரே மாதிரியான மூணு பல்பு' சுற்றில் போட்டதும் ஒரே மாதிரியானவையாக இல்லை. எனவே A தன் பங்குக்கு 4-ஐ விட அதிகமாகவே எடுத்துக்கொள்ளும். B-யை எடுத்த பிறகு A-யிலும் C-யிலும் ஒரே கரன்ட், ஒரே சூடு. அதனால் 3, 3 என்று கணக்கோடு ஒத்துப்போகும். அந்தப் பெண்ணின் அளவுகளில் அதுவும் சரியாகவே இருந்தது. பிறகு என்ன, அவளுடைய ரெக்கார்டு நோட்டில் 4, 2 என்று திருத்தி எழுதியிருந்தாள். நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதைச் சொன்னதும் சீனியர், "இதை எழுது" என்றார். "வேலைக்கு விண்ணப்பம் போடறப்ப நான் தப்பு பண்ணினதை எழுதறதா?" என்று கேட்டேன். "தப்பை மட்டும் எழுதினா அது பாவமன்னிப்பு. அடுத்த வருஷம் என்ன மாத்தினேங்கறதை எழுதினாதான் டீச்சிங்."

மாற்றியிருந்தேன், நல்லவேளை. அடுத்த ஆண்டு வரிசையைத் திருப்பிப் போட்டேன். முதலில் ஊகத்தையும் காரணத்தையும் ஒரு சீட்டில் எழுதவேண்டும். அடுத்து பக்கத்தில் இருப்பவரோடு வாதாடலாம். அதற்கப்புறம் அளக்கவேண்டும், கணக்கு கடைசியில். அதோடு ஒவ்வொரு மேசைக்கும் மூணு 100 ஓம் ரெசிஸ்டரும் கொடுத்தேன். ரெசிஸ்டரில் அளந்தால் 4, 2 என்று ஒழுங்காக வரும். பல்பில் 4.7, 1.3. ஏன் என்று கேட்க நான் தேவையில்லை, அவர்களே கேட்பார்கள். ரெக்கார்டில் அளந்த எண்ணைத்தான் எழுதவேண்டும், கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் அதற்கு மார்க் குறைக்கமாட்டேன் என்றும் சொன்னேன். இதற்குத்தான் அவர்களைப் பழக்க ரொம்ப நாள் ஆனது.

ஸ்டேட்மென்ட் ஆங்கிலத்தில் எழுதினேன். மையமான பத்தி தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"முதலாண்டு மாணவி ஒருவர் அளந்த மின்னழுத்தம் என் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. மீட்டர் பழையது என்றேன். இரண்டு அளவுகளின் கூட்டுத்தொகை சரியாக இருப்பதைக் காட்டி அவர் மறுத்தார். அவர் சொன்னதே சரி: இழையின் தடை மாறாது என்று நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மறு ஆண்டிலிருந்து ஊகம், விவாதம், அளவு, கணக்கு என்ற வரிசையில் இந்த வகுப்பை நடத்துகிறேன். பல்புக்கும் ரெசிஸ்டருக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடிக்கிறார்கள். செமஸ்டர் தேர்வில் இதே சுற்றை எண்கள் இல்லாமல் கேட்டேன். 44 பேரில் 11 பேர் 'A முதலில் இருப்பதால் மாறாது' என்றே எழுதினார்கள். அவர்களுக்காக அடுத்து என்ன செய்வது என்பதில்தான் இப்போது வேலை செய்கிறேன்."

அந்த 11 பற்றி ஒரு வார்த்தை. முதல் வரைவில் "தவறான புரிதல் பாதிக்கும் மேல் குறைந்தது" என்று எழுதியிருந்தேன். 42-இல் 27 எங்கே, 44-இல் 11 எங்கே! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 27 வகுப்பில் திடீரென்று கேட்டபோது தூக்கிய கை. இந்த 11 பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்து எழுதிய பதில். பிள்ளைகளும் வேறு. முதல் ஆண்டுத் தேர்வில் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இரண்டையும் ஒப்பிட முடியாது. ஒரு இயற்பியல்காரன் தன் விண்ணப்பத்தில் அப்படி ஒப்பிட்டால், குழுவில் உள்ள இன்னொரு இயற்பியல்காரருக்கு அது முதல் பார்வையிலேயே தெரியும். எனவே 27-ஐ எடுத்துவிட்டு 11-ஐ வைத்துக்கொண்டேன்.

மசூர் பெயரையும் கடைசியில் எடுத்துவிட்டேன். பியர் இன்ஸ்ட்ரக்ஷன் செய்வதாக எழுதுகிறவர்கள் நிறைய. நான் செய்தது அவர் முறையின் முழு வடிவமும் இல்லை, பக்கத்து ஆளோடு வாதாடவிட்டதுதான். செய்ததைச் சொன்னாலே போதும். தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வேறு இரண்டு சம்பவங்களையும் சேர்த்தேன், ஆளுக்கு நாலு வரியில். இடம் போதவில்லை என்பது ஒரு காரணம். அவற்றில் எனக்குச் சொல்ல அவ்வளவு இல்லை என்பது நிஜமான காரணம். மாணவியின் பெயர், ஊர், எந்த ஆண்டு என்பதெல்லாம் எதிலும் இல்லை. பெரிய வகுப்பைப் பற்றி ஒரு வரி கட்டாயம் சேர்க்கவேண்டியிருந்தது. 40 பேருக்குப் பவர் சப்ளை கிடைக்கும், 200 பேருக்குக் கிடைக்காது. அங்கே ஒரே ஒரு சுற்றை மேடையில் வைத்து, ஊகச் சீட்டை மட்டும் எல்லோரிடமும் வாங்குவேன் என்று எழுதினேன். அப்படி நடத்திப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

இந்த ஸ்டேட்மென்ட்டோடு போட்ட முதல் விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. இரண்டாவதில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கற்பித்தல் பற்றிய பகுதி வந்ததும் குழுவில் ஒருவர் அந்தத் தாளைப் புரட்டி, "இப்ப டார்ச்ல எல்லாம் எல்இடிதானே? மூணு பல்புக்குப் பதிலா மூணு சிவப்பு எல்இடி போட்டா, இந்த வகுப்பை எப்படி நடத்துவீங்க?" என்றார். எல்இடி அந்த வேலைக்கு ஆகாது என்றேன். எரிகிற சிவப்பு எல்இடி ஒவ்வொன்றிலும் கரன்ட் எவ்வளவாக இருந்தாலும் கிட்டத்தட்ட 2 வோல்ட்தான் நிற்கும். தொடரில் ஒரு ரெசிஸ்டர் போடாவிட்டால் கருகிவிடும். போட்டால் கரன்ட்டைத் தீர்மானிப்பது அந்த ரெசிஸ்டர். B-யை எடுத்தாலும் A பெரிதாக மாறாது, அதாவது அந்த 27 பேர் தப்பான காரணத்தோடு சரியான விடை சொல்லியிருப்பார்கள். அவர் சிரித்துவிட்டு, "அப்ப அதையும் ஒரு மேசையில வைக்கலாமே" என்றார். பேனாவை வாங்கி, அவர் நீட்டிய தாளின் பின்பக்கத்தில் சுற்றை வரைய ஆரம்பித்தேன்.