ஏழு சதவீத டாலர் கடன் உண்மையில் எத்தனை சதவீதம்?

கோயம்புத்தூரில் பம்புசெட்டுக்கு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறை வெளிநாட்டிலிருந்து எந்திரம் வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை ஒரு லட்சம் டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்றால் 85 லட்சம் ரூபாய். வங்கி இரண்டு வழிகளைச் சொல்கிறது. ரூபாயில் கடன் வாங்கினால் வட்டி 10 சதவீதம். டாலரில் வாங்கினால் 7 சதவீதம். இரண்டுக்கும் ஐந்து ஆண்டு கெடு, ஆண்டுக்கு ஒரு தவணை, ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஐந்தில் ஒரு பங்கு.

மூன்று சதவீத வித்தியாசம் பெரிது. ரூபாய்க் கடனில் ஐந்து ஆண்டில் அசலும் வட்டியும் சேர்த்து 110.5 லட்சம் கட்ட வேண்டும். டாலர் கடனில் கட்டுவது 1,21,000 டாலர்; இன்றைய விலையில் 102.85 லட்சம் ரூபாய். ஏழரை லட்சத்துக்கு மேல் மிச்சம் என்று தாளில் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கு, ஐந்து ஆண்டுக்கும் டாலர் 85 ரூபாயிலேயே நிற்கும் என்று சொல்லாமல் சொல்கிறது. அப்படி நின்றதாக வரலாறு இல்லை. 2004 நடுவில் ஒரு டாலர் சுமார் 46 ரூபாய். 2024 நடுவில் சுமார் 83.50. சராசரியாக ஆண்டுக்கு மூன்று சதவீதம் டாலர் விலை ஏறியிருக்கிறது.

அந்த மூன்று சதவீதத்தைச் சேர்த்துப் பார்ப்போம். இன்று 100 டாலர் கடன் வாங்கினால் கையில் வருவது 8,500 ரூபாய். ஓராண்டு கழித்து 107 டாலர் கட்ட வேண்டும். அப்போது டாலர் 87.55 ரூபாய். ஆக, கட்டுவது ஏறத்தாழ 9,368 ரூபாய். 8,500 ரூபாய்க்கு 868 ரூபாய் வட்டி என்றால் 10.2 சதவீதம். ஏழு சதவீதக் கடன் என்று வாங்கியது, ரூபாய்க் கடனைவிடக் கொஞ்சம் கூடுதல் விலையில் முடிகிறது. பட்டறையின் ஐந்து தவணைகளையும் இதே கணக்கில் போட்டால் மொத்தம் 112.1 லட்சம் ரூபாய். மிச்சம் என்று நினைத்த ஏழரை லட்சமும் போய், ஒன்றரை லட்சம் கைநஷ்டம்.

பலரும் கவனிக்காமல் விடுவது அசலை. டாலர் ஏறினால் வட்டி மட்டும் ஏறும் என்று நினைக்கிறார்கள். ஓராண்டு முடிவில் 20,000 டாலர் அசலைக் கட்டிய பிறகு பட்டறைக்கு மீதி இருப்பது 80,000 டாலர். பழைய விலையில் அது 68 லட்சம். புதிய விலையில் 70 லட்சத்துக்கு மேல். கட்டாமல் நிற்கும் ஒவ்வொரு டாலரின் மேலும் அந்த ஆண்டின் சரிவு ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

அப்படியானால் டாலர் எவ்வளவு ஏறினால் இரண்டு கடனும் சமம்? கணக்கு எளிது. 1.10-ஐ 1.07-ஆல் வகுத்தால் 1.028 வரும். ஆண்டுக்கு 2.8 சதவீதம். இந்தப் பட்டறைக்கு அதுதான் சமநிலைப் புள்ளி. டாலர் அதைவிட மெதுவாக ஏறினால் டாலர் கடன் லாபம். வேகமாக ஏறினால் ரூபாய்க் கடன் லாபம். ரூபாயிலேயே சொன்னால், ஐந்தாம் ஆண்டில் டாலர் சுமார் 97.60 ரூபாயைத் தாண்டுமா என்பதே கேள்வி.

இந்தச் சமநிலைப் புள்ளி இருபதாண்டுச் சராசரிக்கு இவ்வளவு பக்கத்தில் வருவது தற்செயல் என்று சொல்ல முடியாது. இந்தியாவில் விலைவாசி அமெரிக்காவைவிடப் பொதுவாக வேகமாக ஏறுகிறது. அதனால்தான் இங்கே வட்டி அதிகம். நீண்ட காலத்தில் ரூபாய் சரிவதற்கும் அதுவே முக்கியக் காரணம். குறைந்த வட்டி என்பது, பெரும்பாலும், வரப்போகும் சரிவுக்கு முன்கூட்டியே தரும் தள்ளுபடி.

ஆனால் சரிவு ஆண்டுக்கு மூன்று சதவீதம் என்று ஒழுங்காக வருவதில்லை. சில ஆண்டுகள் ஒன்றும் நடக்காது. 2007 இறுதியில் டாலர் 40 ரூபாய்க்குக் கீழேகூட இறங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு டாலரில் கடன் வாங்கியவர்களுக்கு இரட்டை லாபம். பிறகு 2013. அமெரிக்க மத்திய வங்கி பணப்புழக்கத்தைக் குறைக்கப்போவதாக மே மாதம் கோடி காட்டியது. மே தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயைத் தாண்டியது. நான்கு மாதத்தில் நான்கில் ஒரு பங்கு ஏற்றம். நம் பட்டறைக்கு இரண்டாம் ஆண்டில் 15 சதவீத அடி ஒன்று விழுந்து, டாலர் 97.75 ரூபாயில் நின்றுவிட்டால், மொத்தம் கட்டுவது 114.8 லட்சமாகிவிடும்.

2022 இன்னொரு பாடம் தந்தது. டாலர் கடனின் வட்டி பெரும்பாலும் மாறும் வட்டி. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் ஏறத்தாழ பூஜ்யத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. 2022-இல் டாலரும் 74 ரூபாயிலிருந்து 83 வரை ஏறியது. வட்டியும் டாலர் விலையும் ஒரே நேரத்தில் ஏறின. ஏழு சதவீதம் என்ற எண்ணே நிலையானதல்ல.

இந்த அடி குடும்பங்கள் மேல் விழுந்த நாடு ஹங்கேரி. 2008-க்கு முன்பு லட்சக்கணக்கானோர் வட்டி குறைவென்று சுவிஸ் ஃப்ராங்கில் வீட்டுக்கடன் வாங்கினார்கள். சம்பளமோ உள்நாட்டு ஃபோரிண்ட்டில். 2008 நடுவில் ஒரு ஃப்ராங்க் 150 ஃபோரிண்ட் அளவில் இருந்தது. 2014 இறுதியில் அந்தக் கடன்களை அரசு உள்நாட்டு நாணயத்துக்கு மாற்ற முடிவு செய்தபோது கணக்கிட்ட விலை சுமார் 256 ஃபோரிண்ட். ஆண்டுக்கணக்கில் தவணை கட்டிய பலருக்கு, வாங்கியபோது இருந்ததைவிடக் கடன் கூடியிருந்தது.

முன்பேர ஒப்பந்தம் போட்டு டாலர் விலையை இன்றே பூட்டிவிடலாமே என்று கேட்கலாம். பூட்டலாம். ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கான கட்டணமே ஏறத்தாழ இரு நாட்டு வட்டி வித்தியாசத்தின் அளவில்தான் இருக்கும். ஏழுடன் அதைச் சேர்த்தால் பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே யாராவது டாலர் கடன் மலிவு என்று சொன்னால், ஒப்பந்தக் கட்டணத்தோடு சேர்த்தும் மலிவா என்று கேளுங்கள். கட்டணத்தை விட்டுவிட்டு வரும் மிச்சம், சரிவைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதற்கான கூலி.

ஒரு தரப்புக்கு மட்டும் கணக்கு வேறு. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவருக்கு வரவே டாலரில் வருகிறது. டாலர் ஏறினால் தவணையும் ஏறும், வரவும் ஏறும். 2007-இல் ரூபாய் வலுத்து ஏற்றுமதியாளர்கள் திணறியபோது, டாலர் கடன் இருந்தவருக்குத் தவணையும் சேர்ந்தே குறைந்தது. ஆனால் அவருக்கும் எல்லை உண்டு. நூலுக்கும் கூலிக்கும் ரூபாயில் கொடுத்தது போக, டாலர் வரவில் மிஞ்சுவது தவணையைத் தாங்க வேண்டும். ஆர்டர் நின்றுபோனால் கடன் மட்டும் டாலரில் நிற்கும்.

ஆகவே வங்கியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள். சமநிலைப் புள்ளி எவ்வளவு? 2013 போல ஓர் ஆண்டு வந்தால் தவணை எவ்வளவு ஆகும்? அதைக் கட்ட எனக்கு வரும் பணம் எந்த நாணயத்தில்? வரவு ரூபாயில் என்றால், சமநிலைப் புள்ளி ஆண்டுக்கு ஐந்து, ஆறு சதவீதம் என்று சராசரியைவிட வெகுதூரம் மேலே இருந்து, இரண்டாவது வரியையும் உங்கள் தொழில் தாங்கும் என்றால் மட்டுமே டாலர் கடனை யோசியுங்கள். மூன்று சதவீத வித்தியாசத்துக்காக என்றால், ரூபாயிலேயே வாங்குங்கள்.