சுரங்கப்பாதையில் எதிர்பாராத பாறையும் நீரும்: கூடுதல் செலவை ஏற்பது யார்?

புது தில்லி: உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், 520 மெகாவாட் திறன் கொண்ட தபோவன்-விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்துக்காகச் சுரங்கப்பாதை அமைக்கப்பட்டு வந்தது. 2009 டிசம்பர் 24-ஆம் தேதி, மலைக்குள் சுமார் 3 கிலோமீட்டர் சென்றிருந்த துளையிடும் இயந்திரம் நொறுங்கிய பாறைப் பகுதியில் சிக்கி நின்றது. அதைச் சுற்றி நீர் பீறிட்டது. விநாடிக்கு 700 முதல் 800 லிட்டர் வரை, அதாவது நாளொன்றுக்கு 6 முதல் 7 கோடி லிட்டர் வரை நீர் வெளியேறியதாக 2010-இல் 'கரன்ட் சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான கட்டுரை குறிப்பிட்டது. மீட்கப்பட்டு மீண்டும் இயக்கப்பட்ட அந்த இயந்திரம், 2012-இல் மறுபடியும் சிக்கியது.

இத்தகைய நிகழ்வுகளில் பொறியியல் கேள்வியோடு பணம் சார்ந்த கேள்வி ஒன்றும் எழுகிறது. இயந்திரம் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஊதியம், நீரேற்றம், வட்டி எனச் செலவு ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் செலவு, மலையைக் குடைய முன்வந்த ஒப்பந்ததாரருடையதா, அல்லது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த திட்ட உரிமையாளருடையதா? இதற்கு விடையளிப்பதற்காகவே சுரங்க ஒப்பந்தங்களில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, மாறுபட்ட கள நிலைமைகள் விதி. மற்றொன்று, புவித்தொழில்நுட்ப அடிப்படை அறிக்கை.

ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால்?

இந்தியச் சட்டத்தின் இயல்பான நிலை ஒப்பந்ததாரருக்குச் சாதகமானது அல்ல. குறித்த விலைக்கு ஒரு பணியை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டவர், அப்பணி எதிர்பார்த்ததைவிடக் கடினமாக மாறியது என்பதற்காகக் கூடுதல் தொகை கோர முடியாது. ராணுவத்துக்கு நெய் வழங்கும் ஒப்பந்தம் தொடர்பான அலோபி பர்ஷாத் வழக்கில், 1960-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. போரினால் சூழ்நிலை மாறி, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது சுமையாகிவிட்டது என்ற காரணத்துக்காக ஒப்புக்கொண்ட விலையை மாற்றியமைக்க நீதிமன்றம் மறுத்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பணி நிறைவேற்றவே முடியாததாகிவிட்டால் மட்டுமே 56-ஆவது பிரிவின்கீழ் விடுதலை அளிக்கிறது. கடினமான பாறையைக் குடைவது செலவுமிக்கது. ஆனால் முடியாதது அல்ல.

எனவே, ஒப்பந்தத்தில் தனி விதி இல்லையெனில் நிலத்தின் இடர் முழுவதும் ஒப்பந்ததாரரைச் சேர்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பொதுப்பணத்தைக் காப்பதுபோல் தோன்றலாம். நடைமுறையில், எச்சரிக்கையான ஒப்பந்ததாரர் வராமலும் போகக்கூடிய இடர்களுக்கும் சேர்த்து விலையைக் கூட்டுகிறார். துணிந்தவர் அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் குறைந்த விலை கூறி பணியைப் பெறுகிறார். முதலாமவர் வென்று நிலமும் நல்லதாக அமைந்தால், நிகழாத ஒன்றுக்கு உரிமையாளர் பணம் கொடுத்திருப்பார். இரண்டாமவர் வென்று நிலம் மோசமாக அமைந்தால், பணி பாதியில் நின்று வழக்கு தொடங்குகிறது.

மாறுபட்ட கள நிலைமைகள் விதி

இந்தச் சூதாட்டத்தை ஒப்பந்தப்புள்ளியிலிருந்து நீக்குவதே இந்த விதியின் நோக்கம். அமெரிக்க மத்திய அரசின் கட்டுமான ஒப்பந்தங்களில் 1920-களிலிருந்தே இது இடம்பெற்று வருகிறது. அங்கு இரண்டு வகையான நிலைமைகள் இழப்பீட்டுக்கு உரியவை. முதலாவது, நிலத்தடியில் காணப்படுவது ஒப்பந்த ஆவணங்கள் காட்டியதிலிருந்து பெரிதும் வேறுபடுவது. இரண்டாவது, ஆவணங்கள் எதையும் காட்டாவிட்டாலும், அத்தகைய பணியில் வழக்கமாக எதிர்பார்க்கப்படாத விந்தையான நிலைமை தென்படுவது.

பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தங்களிலும் இது 4.12 எண்ணிட்ட விதியாக உள்ளது. ஆனால் எல்லா நூல்களிலும் ஒரே வடிவில் இல்லை. 1999-ஆம் ஆண்டின் சிவப்பு நூலில், அனுபவமிக்க ஒப்பந்ததாரர் ஒருவர் ஒப்பந்தப்புள்ளி அளித்த நாளில் நியாயமாக முன்னறிந்திருக்க முடியாத நிலைமை ஏற்பட்டால், அவருக்குக் கூடுதல் காலமும் செலவுத்தொகையும் உண்டு; அச்செலவின்மீது இலாபம் கிடையாது. அதே கூட்டமைப்பின் வெள்ளி நூலிலோ, எல்லா இடர்களையும் முன்னறிந்ததாக ஒப்பந்ததாரர் ஏற்றுக்கொள்கிறார். ஆகவே, விதி இருக்கிறது என்பது மட்டும் போதாது. அதன் வாசகமே முடிவைத் தீர்மானிக்கிறது.

சிவப்பு நூலின் அளவுகோலிலும் ஒரு சிக்கல் உண்டு. இமயமலையில் நொறுங்கிய பாறையும் நீரும் வரக்கூடும் என்பதை அறியாத ஒப்பந்ததாரர் இல்லை. அப்படியானால் எதை 'முன்னறிந்திருக்க முடியாதது' என்பது? வருமென்று தெரியும், எவ்வளவு வருமென்று தெரியாது என்ற நிலையில், இந்த ஒற்றைச் சொல்லின் மீது நடுவர் தீர்ப்பாயங்களில் ஆண்டுக்கணக்கில் வாதம் நீள்கிறது.

அடிப்படை அறிக்கை வரையும் கோடு

இந்த இடைவெளியை நிரப்புவதே புவித்தொழில்நுட்ப அடிப்படை அறிக்கையின் பணி. இதற்கான வழிகாட்டு நெறிகளை அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1997-இல் வெளியிட்டது. 2007, 2022 ஆகிய ஆண்டுகளில் அவை திருத்தப்பட்டன. துளையிட்டு எடுத்த மாதிரிகள், ஆய்வக முடிவுகள் ஆகியவற்றைத் தொகுப்பது தரவு அறிக்கை. அந்தத் தரவுகளின் அடிப்படையில், விலை நிர்ணயிப்பதற்காக நிலம் இப்படி இருப்பதாகக் கொள்வோம் என்று இரு தரப்பும் ஏற்கும் எண்களைக் கூறுவது அடிப்படை அறிக்கை. எனவே இது வருவதுரைக்கும் ஆவணம் அன்று. நிலம் உண்மையில் அப்படி இருக்கும் என்ற உத்தரவாதமும் அன்று. எந்த இடர் யாருடையது என்று பிரிக்கும் கோடு மட்டுமே.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். 1,000 மீட்டர் நீளச் சுரங்கத்தில் 900 மீட்டர் ஓரளவு உறுதியான பாறையும், 100 மீட்டர் நொறுங்கிய பாறையும் இருக்கும் என்று அறிக்கை கூறுவதாகக் கொள்வோம். உறுதியான பாறையில் நாளொன்றுக்கு 4 மீட்டர் முன்னேறலாம், மீட்டருக்கு 3 லட்சம் ரூபாய் ஆகும் என்று ஒப்பந்ததாரர் விலை குறிக்கிறார். நொறுங்கிய பாறையில் நாளொன்றுக்கு 1 மீட்டர், மீட்டருக்கு 9 லட்சம் ரூபாய் என்கிறார்.

தோண்டும்போது நொறுங்கிய பாறை 250 மீட்டராக வெளிப்படுகிறது. அதாவது 150 மீட்டர் ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறியுள்ளது. மீட்டருக்கு 6 லட்சம் ரூபாய் வித்தியாசத்தில் கூடுதல் தொகை 9 கோடி ரூபாய். உறுதியான பாறையாக இருந்திருந்தால் 37.5 நாள்களில் முடிந்திருக்கும் தொலைவுக்கு 150 நாள்கள் ஆவதால், கூடுதல் காலம் 112.5 நாள்கள். இந்த இரண்டும் உரிமையாளருடைய பொறுப்பு. எது முன்னறியத்தக்கது என்ற விவாதமே இங்கு எழுவதில்லை, அளவிட்டால் போதும்.

அதே கணக்கு ஒப்பந்ததாரரையும் கட்டுப்படுத்துகிறது. நொறுங்கிய பாறையில் நாளுக்கு 1 மீட்டர் என்று ஒப்புக்கொண்டவர் அரை மீட்டர் மட்டுமே முன்னேறினால், அந்தத் தாமதம் அவருடையது. நிலத்தின் இடர் உரிமையாளரையும், திறனின் இடர் ஒப்பந்ததாரரையும் சேர்கின்றன. ஃபிடிக் கூட்டமைப்பு, பன்னாட்டுச் சுரங்கப்பாதைச் சங்கத்துடன் இணைந்து 2019 மே மாதம் வெளியிட்ட மரகத நூல் என்னும் மாதிரி ஒப்பந்தம் இந்தப் பிரிவினையின் மீதே அமைந்தது. அதன்படி நிலம் அறிக்கையில் கூறியதைவிட நல்லதாக அமைந்தால், பணி முடிக்கும் காலம் குறையவும் செய்யும்.

எங்கே தவறுகிறது?

முதல் தவறு எழுத்தில் நேர்கிறது. 'சில இடங்களில் நீர்க்கசிவு ஏற்படக்கூடும்' என்ற வாக்கியம் எச்சரிக்கையாகத் தோன்றினாலும் எதையும் வரையறுப்பதில்லை. விநாடிக்கு 5 லிட்டரும் அதில் அடங்கும். 700 லிட்டரும் அடங்கும். மாறாக, 'தோண்டும் முகப்பில் நீர்வரத்து விநாடிக்கு 50 லிட்டர் வரை இருப்பதாகக் கொள்ளப்படும்' என்று எழுதினால், ஒப்பந்ததாரர் அதற்கேற்ற நீரேற்றிகளைக் கொண்டுவருவார். அதற்கு மேல் வருவது உரிமையாளர் கணக்கு. ஓர் அடிப்படை அறிக்கை பயனுள்ளதா என்று அறிய எளிய வழி, அதன் ஒவ்வொரு கூற்றையும் சுரங்கத்துக்குள் அளந்து பார்க்க முடியுமா என்று கேட்பதுதான்.

இரண்டாவது தவறு சான்றில் நேர்கிறது. வெடிவைத்துத் தோண்டும் சுரங்கத்தில், பாறைமுகப்பு சில மணி நேரமே கண்ணுக்குத் தெரியும். பின்னர் பாதுகாப்புக்காக அதன்மீது கான்கிரீட் தெளிக்கப்படுகிறது. அடுத்த வெடிப்பில் முகப்பே மறைந்துவிடும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பு நிலவியலாளர்களும் சேர்ந்து பாறையின் வகையைப் பதிந்து கையெழுத்திட வேண்டும். அறிவிப்புக்கும் காலக்கெடு உண்டு. அமெரிக்க அரசு விதி, நிலைமை கலைக்கப்படும் முன்பே தெரிவிக்கக் கோருகிறது. 1999 சிவப்பு நூலில் கோரிக்கை அறிவிப்புக்கான கெடு 28 நாள்கள். அதைத் தவறவிட்டால் உரிமையே போய்விடும்.

மூன்றாவது சிக்கல், காரணத்தைப் பிரித்தறிவது. சுரங்கத்தின் சுவர் உள்நோக்கி நெருங்கினால், அது பாறையின் இயல்பாலா, தாங்குசட்டத்தைத் தாமதமாகப் பொருத்தியதாலா? பாறையின் வகையை மட்டும் அறிக்கை வரையறுத்து, அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை விட்டுவிட்டால், எண்கள் இருந்தும் தகராறு மிஞ்சும்.

இமயமலையின் வரம்பு

எண்களைக் குறிப்பதற்கு முன் நிலத்தை ஆராய வேண்டும். இமயமலையில் அதற்கு எல்லை உண்டு. சுரங்கத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குப் பாறை இருக்கும்போது, சில நூறு மீட்டருக்கு ஒன்றாக மேலிருந்து துளையிடுவது இயலாது. பாதை தெளிவாகத் தெரியாத இடங்களில், தோண்டும் முகப்பிலிருந்து முன்னோக்கித் துளையிட்டுப் பார்ப்பதையும் ஒப்பந்தத்திலேயே கட்டணத்துக்குரிய பணியாகச் சேர்ப்பது வழக்கம். தரவு குறைவாக இருக்கும்போது அடிப்படை எண் ஒரு வணிக முடிவாகிறது. மோசமான நிலத்தை அடிப்படையாகக் கொண்டால் ஒப்பந்தப்புள்ளி விலை உயரும். நல்ல நிலத்தைக் கொண்டால் பின்னர் கோரிக்கைகள் பெருகும். எதைத் தேர்ந்தாலும், உரிமையாளர் தனியாக ஒரு இருப்புத்தொகையை ஒதுக்க வேண்டியுள்ளது.

அரசு நிறுவனங்களில் இதற்கு மற்றொரு பயனும் இருக்கிறது. பணி நடக்கும்போது கூடுதல் தொகைக்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரி, பின்னாளில் தணிக்கையின் கேள்விக்கு ஆளாக நேரிடும். அதனால் நியாயமான கோரிக்கையையும் மறுத்து, நடுவர் தீர்ப்புக்கு விட்டுவிடுவதே அவருக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணும், கையெழுத்திட்ட அளவுப் பதிவும் கோப்பில் இருந்தால், அந்தத் தொகை சலுகையாக அல்லாமல் அளவின்படி செலுத்த வேண்டிய கட்டணமாகிறது.