எலும்பை விட்டு அகலும் ஊன்

அமெரிக்க இல்லங்களில் பன்றியின் விலா அடுக்கை வெதுப்பியில், அதாவது ஓவனில், மணிக்கணக்கில் வாட்டும் வழக்கம் உண்டு. அவ்வடுக்கை இடையில் அலுமினியத் தாளால் பொதிவார்கள். தாள் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பதே பலரின் எண்ணம். உண்மையில் அது தடுப்பது ஊனின் வியர்வையை.

விலா ஊன் ஏன் எலும்பை இறுகப் பற்றியிருக்கிறது என்பதை முதலில் காண்போம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் உழைக்கும் தசை அது. அதனூடே கொலாஜன் என்னும் புரதம் ஓடுகிறது; எலும்பைப் போர்த்திய மெல்லிய உறையும் பெரும்பாலும் அதனால் ஆனதே. மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது கொலாஜனின் அமைப்பு. ஏறத்தாழ 60 பாகை செல்சியசைக் கடந்ததும் அக்கயிறு சுருங்கித் தசையைப் பிழியும். ஊன் முன்னினும் கடினமாகும். எழுபதைத் தாண்டிய பின்னரே முறுக்குகள் மெல்ல அவிழ்ந்து நீரில் கரையும் ஊன்பசையாக மாறும். எண்பதுக்கு மேல் இம்மாற்றம் விரைவுபெறும். எனவே ஊன் மென்மையாவதற்கு உயர்ந்த வெப்பநிலை மட்டும் போதாது. அதில் நெடுநேரம் தங்கவும் வேண்டும்.

1.4 கிலோ எடையுள்ள ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதன் உட்புறத்துச் சவ்வை ஒரு முனையில் நெம்பி, துணியால் பற்றி உரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் தோல்போல் உலர்ந்து பல்லில் சிக்கும். 12 கிராம் உப்பும், விரும்பிய மிளகாய்ப்பொடியும் தடவி, 135 பாகையில் சூடேறிய வெதுப்பியில் ஒன்றேகால் மணி நேரம் திறந்தபடி வைக்கலாம். மேற்பரப்பு உலர்ந்து சிவக்க இந்நேரம் தேவை.

ஊன் எழுபதை நெருங்கும்போது வெப்பநிலை ஏற்றம் தளர்கிறது. மாட்டின் தடித்த நெஞ்சுக்கறியில் இத்தேக்கம் பல மணி நேரம் நீளும். மெல்லிய விலாவில் குறைவே. கொலாஜன் கரைவதற்கு வெப்பம் செலவாவதால் நேர்வது இது என்றே பலர் நம்பினர். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் ஊனுக்குப் பதிலாக ஈரப் பஞ்சையும் கொழுப்புக் கட்டியையும் சூடேற்றிப் பார்த்தார். பஞ்சு தேங்கியது, கொழுப்பு தேங்கவில்லை. அந்தப் பஞ்சில் கொலாஜன் ஏது? குற்றவாளி ஆவியாகும் நீரே. இத்துணை எளிய ஆய்வு இத்துணைத் தெளிவான விடை தருவதை நான் வியந்து போற்றுகிறேன்.

கணக்கும் அதையே சொல்கிறது. நம் விலா அடுக்கை 70 பாகையிலிருந்து 93 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 100 கிலோஜூல் ஆற்றல் போதும். ஆனால் அதன் மேற்பரப்பிலிருந்து 100 கிராம் நீர் ஆவியாகவோ ஏறத்தாழ 230 கிலோஜூல் வேண்டும். வெதுப்பி ஊட்டும் வெப்பத்தை வியர்வை வாரிச் சென்றுவிடுகிறது.

தாள் பயன்படும் இடம் இதுவே. இரண்டு தேக்கரண்டி ஆப்பிள் சாறு ஊற்றி, இரட்டைத் தாளில் மடிப்பு மேல்நோக்க இறுகப் பொதிந்தால் உள்ளிருக்கும் காற்று விரைவில் ஆவியால் நிறைகிறது. அதன்பின் ஆவியாதல் ஏறத்தாழ நின்றுவிடும். வெப்பநிலை தடையின்றி ஏறும். உள்ளே நீர் இருக்கும்வரை நூறு பாகையைத் தாண்டவும் வழியில்லை. சாற்றை மிகுதியாக ஊற்றினால் ஊன் அதில் வெந்து சுவையை நீருக்குத் தந்துவிடும். எலும்பு முனை தாளைக் குத்திக் கிழித்தாலும் கேடுதான்: ஆவி வெளியேறும், வழிந்த சாறு தட்டில் கருகும். கருகல் மணம் எழுந்தால் உடனே மற்றொரு தாள் சுற்றுக.

பொதிந்த நிலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு விலங்கின் விலாவும் வேறு. ஆதலால் ஒன்றரை மணியிலேயே பிரித்துப் பார்ப்பதே நன்று. எலும்பு முனைகளிலிருந்து ஊன் ஒரு செண்டிமீட்டர் அளவு பின்வாங்கியிருக்கும். நடு எலும்பைத் திருகினால் எளிதில் அசையும். எலும்புகளிடையே குத்திய பற்குச்சி தடையின்றி இறங்கும். வெப்பமானி 90 முதல் 95 வரை காட்டும். எடுக்கும்போதே அடுக்கு நொறுங்கி விழுந்தால் நேரம் மிஞ்சிவிட்டது. தசைநார்களைப் பிணைத்த அனைத்தும் கரைந்து, ஊன் கூழாகிவிட்டது. எலும்பு தூய்மையாய்க் கழன்று, ஊன் தன் வடிவில் நிற்பதே என் அளவுகோல்.

ஆவியில் நனைந்த மேற்பரப்பைத் தாள் நீக்கி அரை மணி நேரம் உலரவிட்டால் மீண்டும் மெருகேறும். தாளில் தேங்கிய சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். கிண்ணத்தில் வடித்துக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் காலை கொழுப்பின் அடியில் அது தளதளவென உறைந்திருக்கும். முந்தைய நாள் ஊனை எலும்போடு பிணைத்திருந்த கொலாஜனே அங்கே ஊன்பசையாய் நடுங்குகிறது.