எல்லாரும் கைதூக்கினாலும் செல்லாத தீர்மானம்

சென்னையில் இயங்கிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் பங்குதாரர்கள் 1955-இல் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். தொழில்நுட்பக் கல்வியையும் வணிகக் கல்வியையும் வளர்க்கும் ஓர் அறக்கட்டளைக்கு இரண்டு லட்சம் ரூபாய் நன்கொடை தருவது என்பது தீர்மானம். பணமும் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டே ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. அந்தக் கம்பெனியின் இடத்துக்கு வந்த எல்.ஐ.சி. பணத்தைத் திருப்பிக் கேட்டது. 'லட்சுமணசுவாமி முதலியார் எதிர் எல்.ஐ.சி.' என்று வணிகவியல் மாணவர்கள் படிக்கும் வழக்கு இதுதான்.

கம்பெனியின் அமைப்பு முறையேட்டில், அதாவது மெமோரண்டத்தில், சொன்ன நோக்கத்துக்கும் இந்த நன்கொடைக்கும் தொடர்பில்லை என்றது உச்ச நீதிமன்றம். நோக்கத்தைத் தாண்டிய செயலைப் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டாலும் அது செல்லாது. இயக்குநர்கள் பணத்துக்குப் பொறுப்பாளிகள் ஆனார்கள்.

தேர்வில் வரும் கேள்வி பெரும்பாலும் இதன் மறுவடிவம். ஒரு கம்பெனியின் நோக்கம் துணி உற்பத்தி மட்டுமே. அதன் செயல்முறை விதிகளோ, அதாவது ஆர்ட்டிகிள்ஸ், இயக்குநர்கள் வட்டித் தொழில் நடத்தலாம் என்கின்றன. அவர்கள் நடத்திவிட்டார்கள், பங்குதாரர் அனைவரும் சம்மதம். செல்லுமா? செல்லாது. மெமோரண்டம் கம்பெனிக்கும் வெளியுலகுக்கும் இடையே எல்லை போடுகிறது. ஆர்ட்டிகிள்ஸ் அந்த எல்லைக்குள் உள்நிர்வாகத்தைச் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் மெமோரண்டமே நிற்கும். மாறாக, நோக்கத்துக்கு உட்பட்ட ஒரு கடனை விதிகள் அனுமதித்த அளவுக்கு மேல் இயக்குநர்கள் வாங்கியிருந்தால், பங்குதாரர்கள் பின்னர் அதை ஏற்கலாம். மதிப்பெண் போவது இந்த வேறுபாட்டை எழுதாமல் விடுவதால்தான். நோக்கப் பிரிவைச் சிறப்புத் தீர்மானத்தால் மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் மாற்றம் வருங்காலத்துக்குத்தான், நடந்து முடிந்ததைக் காப்பாற்றாது.

கம்பெனி வகை பற்றிய கேள்விக்கும் ஆர்ட்டிகிள்ஸைப் பார்க்க வேண்டும். பிரைவேட் கம்பெனியின் விதிகள் பங்கு மாற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், உறுப்பினரை 200-க்குள் நிறுத்த வேண்டும், பொதுமக்களிடம் பங்கு விற்பதைத் தடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தது இருவர், பொதுக் கம்பெனிக்கு எழுவர், ஒருநபர் கம்பெனிக்கு ஒருவர்.

தொடங்கும் கட்டங்களில்தான் பழைய நோட்ஸ் ஏமாற்றும். முதலில் தொடக்குநர்கள் திட்டமிடுகிறார்கள். பிறகு இரு ஆவணங்களையும் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவுச் சான்றிதழ் பெறுகிறார்கள். அதன் பின் பொதுக் கம்பெனி மட்டும் தொழில் தொடங்கத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது 1956 சட்டத்தின் விதி. இன்று அது இல்லை. 2018 நவம்பர் முதல், பங்கு மூலதனம் உள்ள புதுக் கம்பெனி பிரைவேட்டோ பொதுவோ, மெமோரண்டத்தில் கையெழுத்திட்டவர்கள் தங்கள் பங்குக்குப் பணம் கட்டிவிட்டதாக 180 நாளுக்குள் இயக்குநர் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் தொழிலும் தொடங்கக் கூடாது, கடனும் வாங்கக் கூடாது.